இரு அணியும் அடித்தது 262: ஒரு ஸ்கோர்கார்டை வாசிப்பது எப்படி?

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே. குலசேகரா வீசிய பந்தைத் தோனி சிக்ஸருக்குத் தூக்கி உலகக் கோப்பையை முடித்துவைத்த இரவு. கிரிக்கெட் பக்கமே போகாதவர்களுக்குக்கூட அந்த சிக்ஸர் தெரியும். அந்த ஆட்டத்தின் ஸ்கோர்கார்டில் உள்ள ஒரு வேடிக்கையோ பலருக்குத் தெரியாது. இலங்கை 50 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 274. இந்தியா 48.2 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 277. ஆனால் பேட்டர்கள் தங்கள் மட்டையால் எடுத்த ரன்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். இலங்கைக்கு 262. இந்தியாவுக்கும் அதே 262.

மீதி, பேட்டர் கணக்கில் சேராத எக்ஸ்ட்ரா ரன்கள். இலங்கைக்கு 12, இந்தியாவுக்கு 15. மட்டையால் அடித்த ரன் சமமாக இருந்தும் ஒரு அணி பத்துப் பந்து மிச்சம் வைத்து வென்றிருக்கிறது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? எவ்வளவு அடித்தார்கள் என்பதைவிட, எத்தனை பந்தில் அடித்தார்கள் என்பதில் இருக்கிறது. ஸ்கோர்கார்டின் வலது ஓரத்தில் SR, Econ என்ற தலைப்புகளில் நிற்கும் எண்கள் இதைத்தான் பேசுகின்றன. புதிதாக கிரிக்கெட் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்துக்குப் போவதில்லை. போனாலும் 79.51, 7.68 என்ற தசம எண்களைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்குக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எதை எதால் வகுக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில் SR, அதாவது ஸ்ட்ரைக் ரேட். ஒரு பேட்டர் இதே வேகத்தில் நூறு பந்து ஆடினால் எத்தனை ரன் எடுப்பார் என்பதே அதன் பொருள். எடுத்த ரன்னைச் சந்தித்த பந்துகளால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அன்றைக்குத் தோனி 79 பந்தில் 91. அவர் ஸ்ட்ரைக் ரேட் 115.19. கம்பீர் 122 பந்தில் 97, எனவே 79.51. மஹேல ஜயவர்தன 88 பந்தில் 103, அது 117.05. பந்துக்கு ஒரு ரன் என்றால் ஸ்ட்ரைக் ரேட் 100. இந்த ஒரு அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டால் கால்குலேட்டர் தேவைப்படாது. பந்துகளைவிட ரன் அதிகமா, குறைவா என்று பார்த்தாலே ஏறத்தாழ விஷயம் புரிந்துவிடும்.

பந்துகளை எண்ணுவதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. இலங்கை ஆடியது 50 ஓவர், அதாவது 300 பந்து. ஆனால் அதன் பேட்டர்கள் சந்தித்த பந்துகளைக் கூட்டினால் 302 வருகிறது. தரங்கா 20, தில்ஷன் 49, சங்கக்கார 67, ஜயவர்தன 88, சமரவீர 34, கப்புகெதர 5, குலசேகரா 30, பெரேரா 9. அச்சுப் பிழை இல்லை. அந்த இன்னிங்ஸில் இந்தியா இரண்டு நோபால் போட்டது. நோபால் ஓவர் கணக்கில் சேராது, ஆனால் பேட்டர் அதை அடிக்கலாம் என்பதால் அவர் சந்தித்த பந்தாக எழுதப்படும். வைடு அப்படியல்ல. எட்டாத தூரத்தில் போன பந்துக்குப் பேட்டரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை, எனவே அது அவர் கணக்கில் வராது. இந்தியா ஆடியபோது நோபாலே இல்லை. 48.2 ஓவருக்கு 290 பந்து, இந்திய பேட்டர்கள் சந்தித்ததும் சரியாக 290. டி.வி. விளம்பர இடைவேளையில் இப்படிக் கூட்டிச் சரிபார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கணக்கு இடித்தால் அங்கே ஒரு நோபால் ஒளிந்திருக்கும்.

இப்போது கம்பீரின் 79.51-க்கு வருவோம். இந்தியாவுக்கு 50 ஓவரில் 275 வேண்டும். ஓவருக்கு ஐந்தரை ரன், நூறு பந்துக்குச் சுமார் 92. கம்பீர் அதற்குக் கீழே ஆடியிருக்கிறார். வெறும் எண்ணை மட்டும் பார்த்தால், மெதுவாக ஆடி மற்றவர்கள் தலையில் சுமையை ஏற்றினார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் களத்துக்கு வந்தபோது நிலைமை என்ன? இன்னிங்ஸின் இரண்டாவது பந்திலேயே மலிங்கா சேவாக்கை எடுத்துவிட்டார், ஸ்கோர் பூஜ்யம். 31 ரன்னில் சச்சினும் போய்விட்டார். சச்சின் அடித்தது 14 பந்தில் 18, ஸ்ட்ரைக் ரேட் 128.57. பளபளப்பான எண், ஆனால் அந்த 18 ரன்னால் ஆட்டம் நகரவில்லை. கம்பீர் கோலியோடு 83, தோனியோடு 109 என இரண்டு கூட்டணி கட்டினார். அவர் அவுட் ஆகும்போது 41.2 ஓவரில் 223. இந்தியாவுக்குத் தேவை 52 ரன், கையிலிருந்த பந்துகளும் 52. ஆறு விக்கெட் மிச்சம். அந்த நிலையில் பந்துக்கு ஒரு ரன் எடுப்பது தோனிக்கும் யுவராஜுக்கும் பெரிய வேலை இல்லை.

எனவே ஸ்ட்ரைக் ரேட்டைத் தனியாக எடுத்துப் பார்க்கக் கூடாது. எத்தனை பந்து ஆடி வந்த எண் அது, எந்த நேரத்தில் ஆடியது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஆட்டத்தில் திசர பெரேரா 9 பந்தில் 22 அடித்தார், ஸ்ட்ரைக் ரேட் 244.44. இன்னிங்ஸின் கடைசிப் பந்தில் சிக்ஸர். கடைசி ஓவர்களில் இறங்குபவரின் வேலையே அதுதான், விக்கெட் போனாலும் நஷ்டமில்லை. இதே மனிதரை முதல் ஓவரில் இறக்கினால் 244 வராது. மறுபக்கம், தொடக்க ஆட்டக்காரர் தரங்கா 20 பந்தில் 2 ரன், ஸ்ட்ரைக் ரேட் சரியாக 10. அதற்குத் தரங்கா மட்டும் காரணமல்ல. எதிரே வீசிக்கொண்டிருந்த ஜாகீர் கானும் ஒரு காரணம்.

ஜாகீரைப் பற்றிப் பேச Econ பத்திக்குப் போக வேண்டும். எகானமி என்பது பந்துவீச்சாளர் ஓவருக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன். கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்தால் முடிந்தது. பேட்டரின் ஸ்ட்ரைக் ரேட்டைப் பந்துவீச்சாளர் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் இது. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் எகானமி 6 என்றால் பேட்டர்கள் அவரைப் பந்துக்கு ஒரு ரன் வீதம் அடித்திருக்கிறார்கள். இங்கே எண் குறைய குறைய பந்துவீச்சாளருக்குப் பெருமை.

அந்த ஃபைனலில் ஜாகீரின் வரி இப்படி இருக்கும்: 10-3-60-2. பத்து ஓவர், அதில் மூன்று ரன்னே இல்லாத மெய்டன், கொடுத்தது 60, விக்கெட் இரண்டு. எகானமி 6.00. இலங்கை அன்று ஓவருக்குச் சராசரியாக எடுத்தது 5.48 என்பதால், 6.00 என்பது சுமாருக்குக் கீழேதான். ஸ்கோர்கார்டை மறுநாள் காலை பேப்பரில் படித்தவர், ஜாகீருக்கு அன்று சரியான நாள் இல்லை என்றே நினைத்திருப்பார். ஆட்டத்தைப் பார்த்தவருக்கு நடந்தது தெரியும். அவர் முதல் மூன்று ஓவரும் மெய்டன். முதல் ஐந்து ஓவரில் கொடுத்தது 6 ரன் மட்டும், கூடவே தரங்காவின் விக்கெட். எகானமி 1.20. மிச்சம் ஐந்து ஓவரில் 54 ரன், எகானமி 10.80. காலையில் கட்டிப்போட்டவரை மாலையில் அடித்து நொறுக்கினார்கள் என்று சொல்லலாம், இரண்டும் ஒரே இன்னிங்ஸுக்குள் நடந்தது என்பதைத் தவிர. அந்த 1.20-ம் 10.80-ம் கலந்து 6.00 என்ற சாதுவான எண்ணாக மாறிவிட்டன.

அன்று இந்தியத் தரப்பில் சிறந்த எகானமி முனாஃப் படேலுக்கு: 9 ஓவரில் 41, எகானமி 4.55. விக்கெட் ஒன்றுகூட இல்லாததால் அவரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் சராசரியைவிட ஓவருக்கு ஏறத்தாழ ஒரு ரன் குறைவு என்றால், ஒன்பது ஓவரில் எட்டு ஒன்பது ரன் மிச்சம். பத்துப் பந்து மிச்சம் வைத்து வென்ற ஆட்டத்தில் அது சின்ன விஷயமில்லை என்பது என் கட்சி.

பந்துவீச்சாளர் கணக்கில் எந்த ரன் சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வைடும் நோபாலும் அவர் தவறு, எனவே அவர் பெயரில் எழுதப்படும். பையும் லெக் பையும் அவர் கணக்கில் வராது. இலங்கை பேட்டர்களின் 262-உடன் வைடு ஆறும் நோபால் இரண்டும் சேர்த்தால் 270. இந்தியப் பந்துவீச்சாளர்கள் ஏழு பேர் கொடுத்த ரன்னைக் கூட்டினாலும் அதே 270. மீதி நான்கு ரன் பை, லெக் பை வகை.

எகானமி போடும்போது புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. குலசேகராவின் வரியைப் பாருங்கள்: 8.2 ஓவர், 64 ரன். போனில் 64-ஐ 8.2-ஆல் வகுத்தால் 7.80 என்று காட்டும். ஸ்கோர்கார்டிலோ 7.68. காரணம், அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. உயரம் 5.2 என்று சொல்லும்போது ஐந்து அடி இரண்டு அங்குலம் என்று எடுத்துக்கொள்வதுபோல, 8.2 என்பது எட்டு ஓவரும் இரண்டு பந்தும். இரண்டு பந்து என்பது ஓவரில் மூன்றில் ஒரு பங்கு. எனவே 64-ஐ 8.33-ஆல் வகுக்க வேண்டும். இன்னும் சுலபம், 50 பந்தில் 64 ரன் என்று வைத்து ஆறால் பெருக்குவது. ஓவர் பத்தியில் புள்ளிக்குப் பிறகு 6, 7, 8, 9 என்ற எண்களை நீங்கள் எப்போதும் பார்க்க மாட்டீர்கள். ஐந்து பந்துக்குப் பிறகு ஆறாவது விழுந்ததும் அது முழு ஓவராகிவிடும்.

இந்த எண்களை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிப் பொருத்தக் கூடாது. எகானமி 6 என்பது இருபது ஓவர் ஆட்டத்தில் அருமை, ஐம்பது ஓவரில் பரவாயில்லை, டெஸ்டில் கேப்டன் பந்தைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். இன்னொரு குழப்பமும் வரும். பந்துவீச்சாளருக்கும் ஸ்ட்ரைக் ரேட் என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு: ஒரு விக்கெட் எடுக்க அவருக்குத் தேவைப்படும் பந்துகள். ஜாகீர் அன்று 60 பந்தில் இரண்டு விக்கெட் எடுத்தார், எனவே 30. பேட்டருக்கு ஸ்ட்ரைக் ரேட் கூடினால் நல்லது, பந்துவீச்சாளருக்குக் குறைந்தால் நல்லது.

மூன்றாவது எண் பேட்டிங் சராசரி. இதை ஒரே ஆட்டத்தின் ஸ்கோர்கார்டில் பெரும்பாலும் பார்க்க முடியாது. பேட்டர் களத்துக்குள் நடந்து வரும்போது டி.வி. திரையின் கீழே ஓடும் பட்டையிலோ, வீரர்களின் விவரப் பக்கத்திலோ Ave என்று இருக்கும். பல இன்னிங்ஸ்களைச் சேர்த்துப் பார்ப்பது என்பதால் அப்படி. சராசரி என்றதும் மொத்த ரன்னை ஆடிய இன்னிங்ஸால் வகுப்பது என்று எல்லாரும் நினைப்பார்கள். அது தவறு. எத்தனை முறை அவுட் ஆனாரோ அதால்தான் வகுக்க வேண்டும்.

அந்த உலகக் கோப்பையின் தொடர் நாயகன் யுவராஜ் சிங்கை எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஆட்டத்திலும் இருந்தார், முதல் ஆட்டத்தில் அவருக்கு மட்டை பிடிக்க வாய்ப்பே வரவில்லை, எனவே இன்னிங்ஸ் எட்டு. அவர் ரன்கள் வரிசையாக: 58, 50*, 51*, 12, 113, 57*, 0, 21*. அந்த 113 சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக எடுத்தது. நட்சத்திரக் குறி இருந்தால் அவுட் ஆகவில்லை என்று பொருள். மொத்தம் 362 ரன். நான்கு முறை நாட் அவுட், நான்கு முறை அவுட். 362-ஐ நான்கால் வகுத்தால் 90.50, அதுதான் அவர் சராசரி. எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு தடவைதான் அவர் 60-ஐத் தாண்டியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இன்னிங்ஸுக்கு எவ்வளவு என்று கேட்டால் விடை 45.25.

இரண்டில் எது உண்மை? இரண்டும்தான், கேள்விகள் வேறு. நாட் அவுட்டாக நின்ற இன்னிங்ஸ் பாதியில் நின்றுபோன இன்னிங்ஸ். இன்னும் ஆட அவருக்கு மனமும் விக்கெட்டும் இருந்தது, இலக்கு தீர்ந்துவிட்டது அல்லது ஓவர் முடிந்துவிட்டது. ஃபைனலில் 21 ரன்னில் இந்தியா வென்றுவிட்டதற்காக, யுவராஜ் 21-க்கு மேல் போக முடியாதவர் என்று எழுதுவது நியாயமாகாது. அதனால்தான் அந்த ரன் மேலே சேர்கிறது, கீழே வகுக்கும் எண் மட்டும் ஏறுவதில்லை. ஆக, ஒரு விக்கெட்டை விலையாகக் கொடுப்பதற்குள் எத்தனை ரன் எடுக்கிறார் என்பதே சராசரி.

இந்த ஏற்பாடு ஒரே இன்னிங்ஸில் எண்ணை எவ்வளவு தூக்கிவிடும் என்பதற்குத் தோனியே சாட்சி. ஃபைனலுக்கு முன்னால் அந்தத் தொடரில் அவர் ஏழு இன்னிங்ஸில் 150 ரன்தான் எடுத்திருந்தார். ஐந்து முறை அவுட், சராசரி 30. ஒரு அரைசதம்கூட இல்லை. ஃபைனலில் 91 நாட் அவுட். மொத்தம் 241, அவுட் கணக்கு அதே ஐந்து, சராசரி 48.20. அதே 91-ல் அவுட் ஆகியிருந்தால் 40.17. பின்வரிசையில் இறங்கி ஆட்டத்தை முடித்துக்கொடுப்பவர்களின் சராசரி கொஞ்சம் உப்பலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அவர்களைத் தொடக்க ஆட்டக்காரர்களோடு ஒப்பிடும்போது நாட் அவுட் எத்தனை என்றும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

சராசரிக்கு வேகம் தெரியாது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1975-ல் முதல் உலகக் கோப்பையின் முதல் நாள், லார்ட்ஸ் மைதானம், அப்போது 60 ஓவர் ஆட்டம். இங்கிலாந்து 334 எடுத்தது. பதிலுக்கு இறங்கிய சுனில் கவாஸ்கர் கடைசி வரை நின்றார். 174 பந்து, 36 ரன், நாட் அவுட். இந்தியா 3 விக்கெட்டுக்கு 132 எடுத்து 202 ரன்னில் தோற்றது. சராசரியின் கண்ணில் இது குறையில்லாத இன்னிங்ஸ்: 36 ரன் சேர்ந்தது, விக்கெட் போகவில்லை. ஸ்ட்ரைக் ரேட்டைப் போட்டால்தான் குட்டு வெளிப்படுகிறது. 20.69.

சராசரி பட்டியல்களின் அடியில் பொடி எழுத்தில் 'குறைந்தது 20 இன்னிங்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதை விட்டுவிட்டால் டெஸ்ட் கிரிக்கெட்டின் சராசரியில் டான் பிராட்மேனின் 99.94-க்கும் மேலே ஒரு பெயர் வந்து நிற்கும்: ஆண்டி கேன்டோம், சராசரி 112. மேற்கிந்தியத் தீவுகளுக்காக 1948-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடினார். ஒரே டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ், 112 ரன், ஒரு அவுட். அதன்பின் அவரை அணியில் மறுபடி எடுக்கவே இல்லை. அதற்கு அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ரன் எடுத்த வேகம் போதவில்லை என்பது.